பாட்டில் தண்ணீர்: தேதி மட்டும் பார்த்தால் போதாது

ஐயப்ப சீசனில் கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் போனால், பல கடைகளில் தண்ணீர் பாட்டில்களை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். மதிய வெயில் நேராக அதன்மேல் விழும். "வெயிலில் கிடக்கிறதே?" என்று கேட்டால், "தேதி கிடக்கே அண்ணே!" என்று பாட்டிலைத் திருப்பிக் காட்டுவார் கடைக்காரர்.

தேதி இருக்கிறது, சரி. ஆனால் அதே லேபிளில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், நேரடி வெயில் படாமல் வைக்கவும். பெரும்பாலான சிறு பாட்டில்களில் போட்டிருக்கும் ஆறு மாதக் கெடு இந்த வரியை நம்பித்தான் நிற்கிறது. தேதியை மட்டும் படித்து இந்த வரியை விட்டுவிடுவதுதான் நாம் செய்கிற பெரிய தவறு.

ஓர் உதாரணம். ஆகஸ்ட் 12-ல் அடைத்த பாட்டிலை ஜனவரி 5-ல் வாங்குகிறீர்கள். கணக்குப்படி பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை கெடு இருக்கிறது. ஆனால் அடைத்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. இதில் எத்தனை நாள் தகரக் கூரைக் குடோனில் கிடந்தது, எத்தனை நாள் வாசலில் வெயில் காய்ந்தது என்று எந்த லேபிளும் சொல்லாது. அதனால் வாசல் அடுக்கிலிருந்து எடுக்காமல், உள்ளே நிழலில் இருப்பதில் அடைத்த தேதி புதியதாகப் பார்த்துக் கேளுங்கள். தேதி பெரும்பாலும் லேபிள் தாளில் இருக்காது. கழுத்திலோ மூடியிலோ புள்ளி எழுத்தில் அடித்திருப்பார்கள். ஐஸ் பெட்டியில் உரசி அது அழிந்திருந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

வெப்பம் உண்மையில் என்ன செய்கிறது? இந்தப் பாட்டில்கள் பெட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். பெட் தயாரிக்கும்போது ஆன்டிமனி என்ற தனிமத்தின் சேர்மத்தை வினையூக்கியாகப் பயன்படுத்துவார்கள். அதில் மிச்சம் இருப்பது மிகமிகக் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். சூடு ஏற ஏற வேகம் கூடும். அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 60 டிகிரியில் வைத்த தண்ணீர் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 85 டிகிரியில் அதற்கு ஒரு நாள் சொச்சம் போதும்.

அதனால் வட்டக்கோட்டை பார்க்கப் போன நேரத்தில் காருக்குள் சூடாகிப்போன பாட்டிலை விஷம் என்று பயந்து கொட்ட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது, மாதக்கணக்கில் சூட்டிலேயே கிடக்கும் சரக்கைப் பற்றித்தான். அதில் முதலில் தெரிவது பெரும்பாலும் வாசனை. பிளாஸ்டிக்கிலிருந்து அசிட்டால்டிஹைடு என்ற பொருள் இறங்கினால், திறந்ததும் லேசான பழவாடையோ பிளாஸ்டிக் வாடையோ அடிக்கும். லேபிள் வெளுத்திருப்பதும் வெயிலில் கிடந்ததற்கு ஓர் அடையாளம்.

பெட் முழுக்க வாடை புகாத சுவர் இல்லை. கருவாடு, கற்பூரம், பெட்ரோல் இவற்றுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் இருந்தால், மூடி திறக்காமலே தண்ணீரில் வாடை ஏறும். குளச்சல் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

அடுத்தது தாது உப்பு. நாம் எல்லாவற்றையும் 'மினரல் வாட்டர்' என்கிறோம். லேபிளில் 'பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்' என்று இருந்தால் அது சுத்திகரித்து அடைத்த குடிநீர். ஆர்.ஓ. முறையில் உப்பெல்லாம் போய்விடும் என்பதால், பல நிறுவனங்கள் பிறகு கொஞ்சம் தாது சேர்க்கின்றன. 'நேச்சுரல் மினரல் வாட்டர்' என்பது வேறு வகை. ஊற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ இயற்கையாக உள்ள தாதுக்களோடு அடைப்பது. விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டில் எதுவானாலும், சத்துக்காகத் தண்ணீர் வாங்குவது வீண். லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருந்தால், இரண்டு லிட்டர் குடித்தாலும் 40 தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். ஒரு டம்ளர் பாலிலேயே 200-க்கு மேல் கிடைத்துவிடும். அதேபோல் டி.டி.எஸ். எண் குறைந்தால் தண்ணீர் சுத்தம் என்பதும் தப்பு. கரைந்த உப்புகள் எவ்வளவு என்று மட்டும்தான் அது காட்டும். கிருமி இருக்கிறதா என்று காட்டாது.

அப்புறம், மூடியைத் திருகும்போது அடி வளையம் 'கிரிக்' என்று அறுபட வேண்டும். ஏற்கெனவே அறுந்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். திறந்துவிட்டால் லேபிள் தேதிக்கு வேலை இல்லை. வாய் வைத்துக் குடித்த பாட்டிலை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.