தடுப்பூசி போட்ட தொடையில் கட்டியா? பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்

என் தங்கை மகளுக்கு 14ஆவது வார ஊசி போட்ட அன்று மாலை 100.8 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல். ஐந்தாம் நாள் தங்கை பதறிப்போய்க் கூப்பிட்டாள்: "அக்கா, தொடையில கோலிக்குண்டு மாதிரி கெட்டியா ஒரு கட்டி இருக்கு!"

முதலில் காய்ச்சல். இந்த ஊசிக்குப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் போய்விடும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 (38 செல்சியஸ்) தொட்டாலே, ஊசிதான் காரணம் என்று தோன்றினாலும், மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பாராசிட்டமால் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இவள் 6 கிலோ, அதனால் 60 முதல் 90. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி இல்லை. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 0.6 முதல் 0.9 மில்லிதான், சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் பல மடங்காகிவிடும். பாட்டில் லேபிளைப் பார்த்து, மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டே கொடுங்கள்.

அப்புறம் கட்டி. இவ்வகை ஊசிகள் பலவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கும். அது மருந்தை அங்கேயே கொஞ்ச காலம் பிடித்துவைக்க, நோய் எதிர்ப்பு அணுக்கள் சுற்றிலும் கூடுகின்றன. விரலுக்குக் கெட்டியாகத் தெரிவது அதுதான். வலி போன பிறகும் அது சில வாரம், சில சமயம் மாதக்கணக்கில்கூட இருக்கலாம். தேய்க்கவோ அழுத்தவோ சூடு ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். முதல் நாள் வலிக்கு ஈரத்துணி போதும்.

தங்கையிடம் பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போடச் சொன்னேன். சிவப்பே இல்லை என்றாள். சரி, கட்டியின் விளிம்பைச் சுற்றிப் போடு என்றேன். மறுநாள் கட்டி கோட்டுக்குள்ளேயே இருந்தது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இல்லை, தொட்டால் குழந்தை அழவில்லை, இரண்டு காலையும் ஒரே மாதிரி உதைத்தாள். இது பயப்பட வேண்டாத கட்டி.

இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் தோலின் சிவப்பு பேனாக் கோட்டைத் தாண்டிப் பரவினால், கட்டி சூடாகி வலித்தால், நடுவில் மெத்தென்று நீர் கோர்த்ததுபோல் ஆனால், சீழ் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டாலும், 102.2-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். மூன்று மணி நேரம் ஓயாமல் அழுதாலும் தாமதிக்காதீர்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குவது, குழந்தை வெளிறித் துவண்டு போவது, எழுப்பினால் எழாமல் இருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பி.சி.ஜி. ஊசிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது போட்ட இடம் சில வாரம் கழித்துத் தடித்து, சிறு புண்ணாகி, தழும்பாகும். அந்த இடத்தில் லேசாகக் கசிவது இயல்புதான். எதையும் தடவாமல் விட்டுவிடுங்கள்.