தோலை நம்பி வாங்கிய மங்குஸ்தான்

போன மாசியில் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் கருஊதா நிறத்தில், கிரிக்கெட் பந்து அளவில் பழம் குவிந்து கிடந்தது. "குற்றாலத்து மங்குஸ்தான்ணே, எடுங்க" என்றார் வண்டிக்காரர். நானும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு கீழக்கரைக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் தோலோடு ஒரு கடி கடித்தேன். உதடு இரண்டும் கோந்து தடவியதுபோல் ஒட்டிக்கொண்டன.

முதல் தப்பு, நிறத்தை மட்டும் பார்த்தது. ஊதாத் தோல் நாவலுக்கும் உண்டு, கத்தரிக்காய்க்கும் உண்டு. பார்த்திருக்க வேண்டியது பழத்தின் இரண்டு முனைகளை. மங்குஸ்தானின் காம்படியில் தடித்த நாலு இதழ் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும். அடிமுனையில் சின்னப் பூ வரைந்தாற்போல் ஒரு முத்திரை இருக்கும். அந்தப் பூவுக்கு எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. நான் வாங்கியதில் தொப்பியும் இல்லை, பூவும் இல்லை. வழவழவென்று ஒரு பந்து, அவ்வளவுதான். மாதமும் இடித்தது. குற்றாலத்து மங்குஸ்தான் சாரல் காலத்துச் சரக்கு, மாசியில் ஏது?

அடுத்த பழத்தைக் கத்தியால் காம்பிலிருந்து அடி வரை நீளவாக்கில் பிளந்தேன். வெள்ளையும் ஊதாவுமாகக் குழைந்த சதை, நடுவில் ஒன்றிரண்டு விதை. ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு லாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "எலுமிச்சைய அறுக்கிற மாதிரி குறுக்க அறுங்க தம்பி" என்றார். அறுத்தேன். நடுவிலிருந்து ஏழெட்டு அறைகள் கதிர்போல் விரிந்து, வெள்ளையில் அச்சடித்தாற்போல் ஒரு நட்சத்திரம்! விதை அறைகள் நடு அச்சைச் சுற்றி எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது குறுக்கு வெட்டில்தான் தெரியும். நீளவாக்கில் கத்தி ஓடினால் இரண்டு அறையைத்தான் திறக்கும். மங்குஸ்தானாக இருந்தால் விரல் தடிமனுக்குத் தோல், அதற்குள் தனியாகக் கழன்று வரும் வெள்ளைச் சுளைகள் இருந்திருக்கும். இதில் தோலும் சதையும் பிரியவே இல்லை.

விதையைத் துப்பிக் குப்பையில் போட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் போட்டுவிட்டு, மறுபடி பொறுக்கிக் கழுவினேன். தட்டையான விதை, பாலிஷ் போட்டதுபோல் பழுப்பு மினுமினுப்பு. ஆனால் ஒரு விளிம்பில் மட்டும் பளபளப்பில்லாமல் வெளிறிய தழும்பு. இதை எங்கே பார்த்திருக்கிறோம் என்று யோசித்தபோது சப்போட்டா விதை ஞாபகம் வந்தது. கறுத்து மின்னும் அந்த விதையின் ஓரத்திலும் வெள்ளைக்கோடாக இதே தழும்பு உண்டு. இலுப்பைக் கொட்டையில் அது பக்கவாட்டில் நீளமாக இருக்கும், மகிழம் விதையில் அடியில் சின்னப் புள்ளியாக இருக்கும். விதை பழத்தோடு ஒட்டியிருந்த இடம் அது. பளபளப்பும் மங்கிய தழும்பும் சேர்ந்து இருந்தால் பழம் இலுப்பைக் குடும்பம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். அந்தக் குடும்பத்தில் ஊதாத் தோலும் உள்ளே நட்சத்திரமும் கொண்டது ஸ்டார் ஆப்பிள். கரீபியன் பக்கத்து மரம். பச்சைத் தோலிலும் ஒரு வகை உண்டு, அதனால்தான் நிறம் கைவிடுகிறது.

உதட்டில் ஒட்டிய பாலும் இந்தக் குடும்பத்துச் சொத்துதான். அதற்காகப் பால் வடிவதையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அத்திக்கும் பால் வரும், நம் கடற்கரை முழுக்க நிற்கிற எருக்குக்கும் வரும், வேலியோர மஞ்சள் அரளிக் காய்க்கும் வரும். அரளிக் காயை நறுக்கினால் மினுங்கும் விதை கிடைக்காது, எலும்புபோல் கெட்டியான ஒற்றைக் கொட்டைதான் இருக்கும். அது கொடிய விஷம். பெயர் தெரியாத காயை நாக்கில் வைத்துப் பார்த்து அடையாளம் காண்கிற வேலையே வேண்டாம். நான் கடித்தது மடத்தனம்.

கடைசியாகப் பெயரில் ஒரு குழி இருக்கிறது. உள்ளே நட்சத்திரம் தெரிந்ததும் "நட்சத்திரப் பழம்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பெயர் வேறு பழத்துக்கு. ஐந்து விளிம்போடு மஞ்சளாக, புளிப்பாக இருக்குமே, அதற்கு. அதைக் குறுக்கே நறுக்கினால் துண்டே நட்சத்திர வடிவில் வரும். ஸ்டார் ஆப்பிளில் துண்டு வட்டம், நட்சத்திரம் நடுவில் மட்டும். இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. அந்தப் புளிப்புப் பழம் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். டயாலிசிஸ் செய்கிறவர் இருக்கும் வீட்டில் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் என்றைக்காவது தட்டு மாறிவிடும்.

மிச்சமிருந்த பழங்களில் அமுக்கினால் மெத்தென்று அமுங்கியவற்றை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் குறுக்கே அறுத்து, தோலோரத்துப் பால் படாமல் நடுச் சதையைக் கரண்டியால் வழித்துக் கொடுத்தேன். லாத்தா ருசி பார்த்துவிட்டு, "இளநி வழுக்கையில பால் ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். விதையை மட்டும் கழுவிக் கையோடு எடுத்துப் போனார், தொட்டியில் ஊன்றிப் பார்க்க.