"குறைத்துக்கொண்டு வருகிறேன்": சிகரெட்டை விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தப்பா திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாளைக்குப் பதினெட்டு சிகரெட் பிடித்தவர். மூன்று வருஷத்துக்கு முன் அவரிடம், "சித்தப்பா, சிகரெட் என்ன மாதிரி?" என்று கேட்டேன். "இப்ப நல்லாக் குறைச்சிட்டன் பிள்ளை, ஆறுதான்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வருஷமும் கேட்டேன். அப்போதும் ஆறு, சில நாள் எட்டு. அதன்பின் வீட்டில் ஒரு செத்தவீடு வந்தது. எட்டு நாட்சடங்கு முடிவதற்குள் பழையபடி பதினெட்டு.

நான் தாதி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கிளினிக்கில் இந்தக் கதையைக் கொஞ்சம் மாற்றி மாற்றி அடிக்கடி கேட்கிறேன். "ஒரேயடியாக விடுவதா, மெல்லமெல்லக் குறைப்பதா, எது நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், மெல்லக் குறைப்பது என்று நம்மவர்கள் சொல்வதும் ஆய்வுகள் சொல்வதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டும். அதிகமானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வை எடுத்துக்கொள்வோம். நாளுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் பிடிக்கும் 697 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் விடும் நாள் ஒன்று குறிக்கப்பட்டது. ஒரு பகுதியினர் அந்த நாள்வரை வழக்கம்போலப் பிடித்துவிட்டு, அன்றோடு முழுதாக நிறுத்த வேண்டும். மற்றப் பகுதியினர் முதல் வாரத்தில் பாதியாகவும் இரண்டாம் வாரத்தில் கால்வாசியாகவும் குறைத்து, பிறகு நிறுத்த வேண்டும். அவ்வளவுதான், இரண்டே வாரம். ஆய்வில் மெல்லக் குறைப்பது என்றால் முடிவு நாள் தெரிந்த இரண்டு வாரம். என் சித்தப்பா ஒரு வருஷத்துக்கு மேல் செய்ததற்கு முடிவு நாளே கிடையாது.

ஆகவே முதல் தவறு, நாள் குறிக்காமல் குறைக்கத் தொடங்குவது. இது ஏன் பலிக்காது என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. இரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. குறையக் குறைய உடம்பு கேட்கத் தொடங்கும். எண்ணிக்கையைக் குறைத்தவர் தன்னை அறியாமலே ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக இழுப்பார், அடிக்கட்டை வரை இழுப்பார். பதினெட்டிலிருந்து ஆறுக்கு வந்தவர் உள்ளே எடுக்கும் நிகோட்டின் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுவதில்லை. இதோடு இன்னொன்றும் நடக்கிறது. மிஞ்சும் அந்த ஆறும் காலைத் தேத்தண்ணியோடு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று நாளிலேயே ருசியான ஆறாகிவிடும். முன்பு பழக்கமாக இருந்தது இப்போது பரிசாக மாறிவிடுகிறது. அந்த ஆறையும் விடுவது, முதலில் விட்ட பன்னிரண்டைவிடக் கஷ்டம்.

நம் ஊரில் இதற்கு ஒரு துணைக் காரணமும் உண்டு. குறைக்க நினைப்பவர் முதலில் பெட்டி வாங்குவதை நிறுத்தி, பெட்டிக்கடையில் ஒன்றொன்றாக வாங்கத் தொடங்குவார். கையில் பெட்டி இல்லாவிட்டால் குறையும் என்று நினைப்பு. உண்மையில் கணக்குத்தான் தொலைகிறது. பெட்டியில் எத்தனை மிச்சம் என்று பார்க்கலாம். தனியாக வாங்கியதையும் நண்பன் நீட்டியதையும் யார் எண்ணுவது? சித்தப்பாவை ஒரு கிழமைக்கு, பிடித்த உடனே ஒரு துண்டில் கோடு போடச் சொன்னேன். "ஆறு" என்று அவர் நம்பியிருந்த நாட்களில் ஒன்பதும் பத்தும் இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியவில்லை.

பிறகு நாங்கள் வேறு மாதிரிச் செய்தோம். குறைப்பதுதான் அவருக்கு விருப்பம், சரி, அதையே நேரம் குறித்துச் செய்வோம் என்று முடிவெடுத்தோம். இதற்கு 1995இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்வு வழிகாட்டி. அதில் குறைத்தவர்களில் ஒரு பிரிவினர் மணிக்கூட்டைப் பார்த்து, குறித்த நேரத்தில் மட்டும் பிடித்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு பிரிவினர் தம் விருப்பம்போலக் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நேரம் குறித்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் விட்டிருந்தார்கள். விருப்பம்போலக் குறைத்தவர்களில் 18 பேர்தான். ஆய்வு சிறியது, அந்த எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் இந்த வித்தியாசத்தை நான் கிளினிக்கிலும் பார்க்கிறேன். காரணம் எளிது. மனம் கேட்கும்போது பிடித்தால் "கேட்டால் கிடைக்கும்" என்ற பாடம் உறுதிப்படுகிறது. மணி சொல்லும்போது மட்டும் பிடித்தால், மனம் கேட்பதற்கும் சிகரெட்டுக்கும் உள்ள முடிச்சு அவிழ்கிறது.

சித்தப்பா காலை ஐந்துக்கு எழும்புவார், இரவு ஒன்பதுக்குப் படுப்பார். விழித்திருப்பது பதினாறு மணித்தியாலம். முதல் வாரம் பன்னிரண்டு சிகரெட், அதாவது எண்பது நிமிஷத்துக்கு ஒன்று. இரண்டாம் வாரம் எட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. மூன்றாம் வாரம் நான்கு, நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று. அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. அன்றன்றைய எண்ணிக்கையைக் காலையிலேயே ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு ஆட்டோவில் வைத்துக்கொண்டார். போனில் அலாரம். அலாரம் அடிக்கும்போது ஹயர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த முறை போனதுதான், அடுத்ததோடு சேர்த்துப் பிடிக்கக் கூடாது. முந்திப் பிடிக்கவும் கூடாது. இந்த இரண்டு விதியும் இல்லாவிட்டால் அட்டவணை இரண்டே நாளில் விருப்பம்போலக் குறைப்பதாக மாறிவிடும்.

இனி, எது வெல்கிறது என்ற கேள்விக்கு வருவோம். அந்த 2016 ஆய்வில் ஒரேயடியாக விட்டவர்கள்தான் முந்தினார்கள். நாலாவது வாரத்தில் அவர்களில் நூற்றுக்கு 49 பேர் பிடிக்காமல் இருந்தார்கள், குறைத்து விட்டவர்களில் 39 பேர். ஆறு மாதத்தில் அது 22ம் 15.5ம் ஆனது. குறைக்கும் பிரிவில் குறித்த நாள் வந்தபோது விட்டுப் பார்க்க முன்வந்தவர்களே குறைவு. வழியிலேயே களைத்துவிட்டார்கள்.

இதை வாசித்துவிட்டு "ஒரேயடியாக விடுவதுதான் வழி, மற்றதெல்லாம் வீண்" என்று சொல்வது அடுத்த தவறு. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கொக்ரேன் மீளாய்வு 2019இல் வந்தது. அதில் ஒரேயடியாக விடுவதற்கும், குறைத்துப் பின் முழுதாக விடுவதற்கும் நீண்டகால வெற்றியில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே யாராவது ஒருவர் "எனக்கு ஒரேயடியாக முடியவே முடியாது" என்றால் நான் அவரை வற்புறுத்த மாட்டேன். இரண்டுக்கும் ஒத்துவருபவர் என்றால், ஒரேயடியாக விடச் சொல்வேன்.

அந்த எண்களில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நாலு வாரத்தில் 49 பேர் ஆறு மாதத்தில் 22 ஆகியிருக்கிறார்கள். ஒரு மாதம் கடந்ததும் "விட்டாச்சு" என்று குடும்பமும் நண்பர்களும் கவனத்தை எடுத்துவிடும் காலம் அதுதான். இந்த 22 பேரும் தனியாக விட்டவர்களும் அல்ல. இரண்டு பிரிவினருக்கும் தாதியின் ஆலோசனையும், நிகோட்டின் ஒட்டுப்பட்டையும் அதுபோன்ற பதிலீடுகளும் கிடைத்தன. எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான், அவர்களில் பெரும்பாலானோர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே திரும்பவும் பிடித்துவிடுகிறார்கள். இரண்டு முறைக்கும் இடையில் உள்ள தூரத்தைவிட, உதவி உள்ளதற்கும் இல்லாததற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. ஆலோசனைக்கு 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். நிகோட்டின் பதிலீடு பற்றி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

"குறைத்ததே போதுமே" என்று நிற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தும் ஓரளவு குறையும். இதயம் அப்படியல்ல. 2018இல் வந்த ஒரு பெரிய மீளாய்வின்படி, நாளுக்கு இருபது பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் அதில் ஏறக்குறையப் பாதி கூடுகிறது. ஆறில் ஒரு வருஷம் நின்ற சித்தப்பாவின் இதயத்துக்குக் கிடைத்த ஆறுதல் மிகக் கொஞ்சம்.

விட்ட பின் முதல் மூன்று நாள் அவருக்கு மிக மோசம். எரிச்சல், நித்திரையின்மை, யாரோடும் கதைக்கப் பிடிக்காது. உடம்பின் இந்தத் தவிப்பு முதல் வாரத்தில் உச்சமாக இருந்து, இரண்டு முதல் நாலு வாரத்தில் தணியும். மூன்றாம் மாதம் மூதூரில் ஒரு கலியாண வீட்டில் யாரோ நீட்டியதை வாங்கி இரண்டு இழுவை இழுத்துவிட்டார். அன்றிரவே எனக்கு எடுத்து, "எல்லாம் போச்சுது பிள்ளை" என்றார். போகவில்லை. இரண்டு இழுவை இரண்டு இழுவைதான். ஆனால் "போச்சுது" என்று நினைத்து அடுத்த நாள் பெட்டி வாங்கினால்தான் உண்மையில் போய்விடும். மறுநாள் காலையிலிருந்து அவர் பிடிக்கவில்லை. இந்த மாதத்தோடு பதினாலு மாதம்.

கடைசியாக ஒன்று, இது ஆபத்தான தவறு என்பதால் சொல்கிறேன். சிகரெட்டை ஒரேயடியாக விடலாம் என்பதை வைத்து, நாள்தோறும் நிறையச் சாராயம் குடிப்பவர் அதையும் அப்படியே நிறுத்திவிடக் கூடாது. சிகரெட்டை நிறுத்தினால் வருவது தவிப்பு, உயிருக்கு ஆபத்தில்லை. நீண்டகாலம் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை என்று தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, தன்னிலை தடுமாறுவது வரை போகலாம். அதில் உயிரும் போகலாம். அப்படிப்பட்டவர் நிறுத்த நினைத்தால், நிறுத்துவதற்கு முன்பே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டிலேயே நிறுத்திவிட்டு நடுக்கமும் பிதற்றலும் தொடங்கியிருந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த இரவிலேயே போங்கள்.