ஜெஸ்சர் நேவிகேஷனுக்கு மாறினதும் எல்லாரும் பண்ற தப்புகள்

அக்கா புது போன் வாங்குனதும் கீழ இருந்த மூணு பட்டனை எடுத்துட்டு, ஓரத்துல இருந்து விரலால இழுத்தே போன நடத்துற ஜெஸ்சருக்கு மாத்திக் கொடுத்தேன், மறுநாளே போன் வந்துச்சு. "டேய், போட்டோவ க்ராப் பண்ணலாம்னு ஓரத்தப் புடிச்சு இழுத்தா போட்டோவே மூடிக்குதுடா, மூணு தடவ ஆயிடுச்சு"ன்னா. போன்ல எந்தக் கோளாறும் இல்ல, அவ விரல் வச்ச இடம்தான் விஷயம். ஜெஸ்சருக்கு மாறுறவங்க பண்ற தப்புல முக்கால்வாசி இந்த ஒரே இடத்துலதான் நடக்குது, அதனால அதையே கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

மூணு பட்டன் இருந்தப்போ கீழ ஒரு பட்டைதான் சிஸ்டத்தோடது, மத்த ஸ்க்ரீன் முழுக்க ஆப்போடது. ஆண்ட்ராய்டு 10ல, அதாவது 2019ல, இப்ப நாம பாக்குற முழு ஜெஸ்சர் முறை வந்ததும் அந்தப் பட்டை போயி இடம் மிச்சமாச்சு, ஆனா அதுக்குப் பதிலா இடது ஓரம், வலது ஓரம், கீழ் ஓரம் மூணையும் சிஸ்டம் கவனிக்க ஆரம்பிச்சிடுச்சு. இடது வலது ரெண்டு ஓரத்துல எதுல இருந்து உள்ள இழுத்தாலும் பேக், கீழ இருந்து மேல தள்ளினா ஹோம், மேல தள்ளி கொஞ்சம் நிறுத்தினா ரீசென்ட் ஆப்ஸ். மனப்பாடம் பண்ண இவ்வளவுதான். இதுல ஸ்வைப் எந்தப் பக்கம் போகுதுங்கறத விட விரல் எங்க தொடங்குதுங்கறதுதான் பெருசு, அத யாரும் சொல்லிக் கொடுக்கறதில்ல.

மாத்துற இடம் போனுக்குப் போன் வேற பேர்ல இருக்கும். சாம்சங்ல Settings, Display, Navigation bar போனா Swipe gestures இருக்கும், மத்த போன்ல Settings மேல இருக்கிற தேடல்ல navigation-னு அடிச்சாலே வந்துடும். Gesture navigation-ஐத் தொட்டுட்டு உடனே வெளிய வந்துடாதீங்க, அதுக்குப் பக்கத்துல பல போன்ல ஒரு கியர் ஐகானும், சாம்சங்ல More options-உம் இருக்கும், பேக் சென்சிட்டிவிட்டி அதுக்குள்ளதான் இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல பேக். பட்டன் பழக்கத்துல விரல ஸ்க்ரீனுக்கு உள்ள, ஓரத்துல இருந்து ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி வச்சு இழுப்போம், அப்போ ஆப்தான் அந்த ஸ்வைப்ப வாங்கிக்கும், டேப் மாறும் இல்லன்னா அடுத்த போட்டோ வரும், நாம "பேக் வேலை செய்யல"ன்னு நினைச்சுக்குவோம். கண்ணாடி முடியற இடத்துல, பாதி விரல் போனுக்கு வெளிய இருக்கிற மாதிரி வச்சு அங்கிருந்து உள்ள இழுங்க. சரியாப் பிடிச்சா ஓரத்துல சின்னதா ஒரு அம்புக்குறி எட்டிப் பாக்கும். அம்பு வந்துச்சுன்னா ஸ்வைப் சிஸ்டத்துக்குப் போயிடுச்சு, வரலன்னா ஆப்புக்குப் போயிடுச்சு, எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க இத விட நல்ல அடையாளம் இல்ல.

அந்த அம்புலயே இன்னொரு விஷயம் இருக்கு. பேக் நடக்கறது விரல எடுக்கும்போதுதான், இழுக்கும்போது இல்ல. தெரியாம இழுத்துட்டீங்க, அம்பு வந்துடுச்சுன்னா பதறி விரல எடுத்துடாதீங்க, அப்படியே ஒட்டின மாதிரி திரும்ப அதே ஓரத்துக்குக் கொண்டு போங்க, அம்பு உள்ள போயிடும், அப்புறம் எடுத்தா ஒண்ணும் நடக்காது. பாதி நிரப்பின ஃபார்ம் எத்தனையோ இதால தப்பிக்கும். ஆண்ட்ராய்டு 15ல இருந்து நிறைய ஆப்ல இழுக்கும்போதே பின்னாடி என்ன பக்கம் வரப்போகுதுன்னு லேசா தெரியும், அதப் பாத்துட்டு வேணாம்னா இதே மாதிரி திருப்பிக்கலாம்.

இப்ப அக்காவோட க்ராப்புக்கு வருவோம். போட்டோ ஸ்க்ரீன் அகலத்துக்கு நிறைஞ்சு நிக்கும்போது க்ராப் கட்டத்தோட மூலை சரியா ஓரத்துல வந்து உக்காந்துக்குது, அவ அதப் புடிச்சு உள்பக்கமா இழுக்குறா, சிஸ்டத்தோட கண்ணுக்கு அது அச்சு அசலா பேக் ஸ்வைப். சில எடிட்டர் "மாற்றத்த விட்டுடலாமா"ன்னு கேக்கும், சிலது கேக்காமலே மூடிடும். ஆப் எழுதறவங்க இந்தப் பகுதிய பேக்குக்கு எடுத்துக்காதன்னு சிஸ்டத்துகிட்ட சொல்ல வழி இருக்கு, ஆனா ஒரு ஓரத்துக்கு 200 டிபி உயரம் வரைக்கும்தான் சிஸ்டம் ஒத்துக்கும், டிபிங்கறது ஸ்க்ரீன் அளவ குறிக்கிற ஆண்ட்ராய்டு அலகு, போன் உயரத்துல அது ஒரு பகுதிதான் வரும். அதனால ஒரே ஆப்ல ஒரு மூலை ஒழுங்கா இழுபடும், இன்னொரு மூலை வெளிய தள்ளும்.

இதுக்கு மூணு வழி இருக்கு, மூணுமே சிஸ்டம் எப்படி முடிவு பண்ணுதுங்கறதுல இருந்து வர்றது. ஓரத்துல விரல் பட்டதும் சிஸ்டம் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், அதுக்குள்ள விரல் பக்கவாட்டுல நகரலன்னா இது பேக் இல்லன்னு விட்டுடும். சோ மூலைய தொட்டு ஒரு அரை செகண்ட் அசையாம வச்சிருந்துட்டு அப்புறம் மெதுவா இழுத்தா அந்த இழுப்பு ஆப்புக்குப் போகும். ரெண்டாவது, விரல் முதல்ல மேல கீழ நகர்ந்தாலும் பேக் இல்லன்னு முடிவு பண்ணிடும், அதனால மூலைய மொதல்ல கீழ் நோக்கி கொஞ்சம் இறக்கிட்டு அப்புறம் உள்ள கொண்டு வாங்க, நிறைய பேருக்கு இதுதான் சுலபமா வருது. மூணாவது, கட்டத்த தொடவே வேணாம், ரெண்டு விரலால போட்டோவ விரிச்சு நமக்கு வேண்டியத கட்டத்துக்குள்ள நகர்த்திக்கலாம். போன் கம்பெனிங்க இதுல அவங்கவங்க மாத்தம் பண்ணியிருப்பாங்க, ஒண்ணு ஒத்து வரலன்னா அடுத்தத பாருங்க. வீடியோ ட்ரிம் பண்ற கைப்பிடி, ஓரத்துல தொடங்குற ஸ்லைடர் எல்லாத்துக்கும் இதே கதைதான். இடதுல இருந்து இழுத்து திறக்குற மெனு இருக்கிற ஆப்லயும் நிறுத்தி இழுத்தா மெனு வரும், ஆனா அதுக்கு ஆப்போட மேல் மூலையில இருக்கிற மூணு கோடு ஐகான தட்டுறதே போதும்.

அடுத்து சென்சிட்டிவிட்டி. பேக் சரியா வரலன்னதும் எல்லாரும் அத ஃபுல்லா ஏத்திடுவாங்க, ஏன்னா ஏத்தினா லேசா தொட்டாலே வேலை செய்யும்னு நினைப்பு. உண்மையில ஏத்தும்போது ஓரத்துல சிஸ்டம் எடுத்துக்குற பட்டைதான் அகலமாகுது, அழுத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்படி ஏத்தினா பேக் வரும், கூடவே க்ராப், ஸ்லைடர், கீபோர்டு ஓரத்துல இருக்கிற எழுத்து எல்லாம் மாட்டும். ஏத்தறதுக்கு முன்னாடி கவரக் கழட்டிட்டு ஒருதடவ முயற்சி பண்ணிப் பாருங்க, கவர் ஓரம் உயரமா இருந்தா விரல் கண்ணாடி முடியற இடத்துக்கு இறங்கவே இறங்காது, குறை அங்கதான் இருக்கும். அப்புறம் சில போன்ல இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தனித்தனி அளவு இருக்கு, வலது கைல போன் பிடிக்கிறவங்க வலது ஓரத்தயே பேக்குக்கு வச்சுக்கிட்டு இடதக் குறைச்சு வச்சா நல்லது. அக்காவுக்கு அப்படித்தான் வச்சேன், இடது பக்க மூலை இப்ப அவளுக்குப் பிரச்சனையே பண்றதில்ல.

கீழ் ஓரத்துல தப்பு வேற மாதிரி. ஹோமுக்குப் போக நிறைய பேர் கீழ இருந்து ஸ்க்ரீன் பாதி வரைக்கும் நிதானமா இழுத்துட்டுப் போவாங்க, நடுவுல ஒரு கணம் தயங்குவாங்க, உடனே ரீசென்ட் திறந்துக்கும், "ஹோம் போகலியே"ன்னு மறுபடி மேல தள்ளுவாங்க, ரீசென்ட்ல ஒவ்வொரு ஆப்பும் ஒரு கார்டு மாதிரி நிக்கும், அந்தத் தள்ளு கார்டு மேல பட்டா அந்த ஆப்பே மூடிடும். எவ்வளவு தூரம் இழுக்கறோம்ங்கறது இங்க கணக்கே இல்ல, நிறுத்தறமா இல்லையாங்கறதுதான். ஹோமுக்குப் போக, ஸ்க்ரீனோட அடியில இருக்கிற சின்னக் கோட்டுல இருந்து லேசா ஒரு சுண்டு, விரல் நகர்ந்துட்டிருக்கும்போதே எடுத்துடணும். ரீசென்ட்டுக்கு கொஞ்சம் மேல கொண்டு போயி நிறுத்தி, கார்டு சின்னதாகி நின்னதும் எடுங்க. கோட்டுக்கு மேல விரல் வச்சு தொடங்கினா பக்கம்தான் ஸ்க்ரோல் ஆகும், இதயும் கவனிங்க.

பேக்க வச்சே ஆப்ப விட்டு வெளிய வர்ற பழக்கத்தையும் விட்டுடணும்னு சொல்லுவேன். நாலஞ்சு தடவ ஓரத்துல இழுத்து வெளிய வரும்போது நடுவுல இருக்கிற ஒவ்வொரு பக்கமும் மூடிக்கிட்டே வரும், பேமென்ட் நடுவுல பண்ணா அது கேன்சல் கூட ஆகலாம். ஹோம் சுண்டினா ஆப் அப்படியே பின்னாடி நிக்கும், பெரும்பாலும் திரும்ப வந்தா விட்ட இடத்துலயே இருக்கும். கீபோர்டு திறந்திருக்கும்போது முதல் பேக் கீபோர்ட மட்டும்தான் மூடும், அவசரத்துல ரெண்டு தடவ இழுத்தா டைப் பண்ணிட்டிருந்த பக்கமும் போயிடும், ஒண்ணு இழுத்துட்டு பாத்துட்டு அடுத்தது.

ஓடிபி பாக்க ரீசென்ட் வரைக்கும் போக வேணாம், கீழ இருக்கிற கோட்ட வலது பக்கமா தள்ளினா முந்தின ஆப் வந்துடும். பாத்ததும் உடனே இடது பக்கம் தள்ளினா பழைய இடத்துக்கு வரலாம், ஆனா அங்க கொஞ்ச நேரம் இருந்துட்டா வரிசை மாறி அந்த மெசேஜ் ஆப்தான் முதல்ல வந்துடும், அப்போ இடது வேலை செய்யாது, மறுபடி வலது பக்கமாவே தள்ளணும். இது தெரியாம "ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரல"ன்னு குழம்புறவங்க நிறைய.

ஃபுல் ஸ்க்ரீன்ல வீடியோ, கேம் ஓடும்போது முதல் ஸ்வைப்புக்கு ஒண்ணும் நடக்கலன்னா விரல அழுத்தி இழுக்காதீங்க, முதல் ஸ்வைப் மறைஞ்சிருக்கிற கோட்ட காட்டத்தான், ரெண்டாவதுதான் ஹோமோ பேக்கோ. தெரியாம கை பட்டு கேம் நின்னுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க.

கை நடுக்கம் இருக்கிறவங்க, விரல ஓரத்துல துல்லியமா வைக்க முடியாதவங்க, இவங்களுக்கெல்லாம் நான் ஜெஸ்சர மாத்திக் கொடுக்க மாட்டேன், பட்டன்தான் அவங்களுக்கு நல்லது. ஹோம் ஸ்க்ரீன காட்டுற ஆப்தான் லாஞ்சர், சில போன்ல ப்ளே ஸ்டோர்ல இருந்து வேற லாஞ்சர் எடுத்துப் போட்டிருந்தா ஜெஸ்சரே எடுக்காது, அந்த ஆப்ஷன் மங்கலாத் தெரிஞ்சா போனோட சொந்த லாஞ்சருக்கு மாறிட்டுப் பாருங்க. ஒரு வாரம் ஆகியும் விரல் பழகலன்னா மாத்தின அதே இடத்துல பட்டன திரும்ப எடுத்துக்கலாம், ஆப்போ டேட்டாவோ எதுவும் மாறாது.