சோதனை ஆர்டர் போய்ச் சேர்ந்தபின் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

நாச்சியார்கோவில் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பூசைப் பொருள் கடை நடத்தும் ஒருவர், ஒரு அடி உயர விளக்கு 16 வாங்கிப் பார்த்திருக்கிறார். விமானக் கூரியரில் இரண்டு பெட்டி போனது, முழுப் பணமும் முன்பே வந்துவிட்டது. அவர் தமிழிலேயே பேசி, தமிழிலேயே ஆர்டர் கொடுத்தவர். இனி நாம் அனுப்பும் மடல்தான் இரண்டாவது ஆர்டர் வருமா என்பதைத் தீர்மானிக்கும்.

எப்போது அனுப்புவது

பெட்டி கிடைத்த அன்றே வேண்டாம், அவர் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மூன்றிலிருந்து ஐந்து நாள் கழித்து அனுப்புங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் மாலை ஆறு மணிக்கு அனுப்பினால் அங்கே எட்டரை, கடையில் கூட்டம் நிற்கும் நேரம். காலை எட்டு மணிக்குள் அனுப்பிவிடுவது நல்லது.

மடலின் தலைப்பு வரி

"நன்றி மடல்" என்று மட்டும் போட்டால் ஆறு மாதம் கழித்துத் தேடும்போது கிடைக்காது. ஆர்டர் எண்ணையும் கேட்கும் முடிவையும் முன்னால் வையுங்கள்.

> ஆர்டர் NK-01 (16 குத்துவிளக்கு): நன்றி, அடுத்த ஆர்டருக்கான விவரம்

நன்றி

இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைச் சுட்டி நன்றி சொல்ல வேண்டும். "தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி" என்பது யாருக்கும் அனுப்பக்கூடிய வரி.

> மதிப்பிற்குரிய திருமதி ____ அவர்களுக்கு, வணக்கம்.
> முதல் முறையாக எங்களிடம் 16 விளக்கு வாங்கியதற்கும், பெட்டியைப் பிரித்த அன்றே படம் எடுத்து அனுப்பியதற்கும் மிக்க நன்றி. அந்தப் படங்களால்தான் எங்கள் பக்கத் தவறு ஒன்று உடனே தெரிந்தது.

குறையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்

இந்த விளக்கு அடிப்பாகம், தண்டு, தட்டு, பிரபை எனத் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டு இணைப்பது. கைவேலை என்பதால் ஒரு விளக்கின் தண்டு இன்னொரு விளக்கின் அடிப்பாகத்தில் சரியாக ஏறாமல் போகலாம். கழற்றிப் பெட்டியில் அடுக்கும்போது பாகங்கள் மாறிவிட்டால், வாங்கியவர் முறுக்கிப் பார்த்துவிட்டு "மரை சரியில்லை" என்பார். விளக்கில் குறை இல்லை, ஜோடிதான் மாறியிருக்கிறது. வற்புறுத்தி முறுக்கினால் மரை தேய்ந்து, உண்மையாகவே கெட்டுவிடும்.

இதை மடலில் மழுப்பாமல் எழுதுங்கள். நடந்தது என்ன, இப்போது அவர் என்ன செய்யலாம், அடுத்த முறை நாம் என்ன மாற்றுவோம் என்ற மூன்றும் வர வேண்டும்.

> இரண்டு விளக்குகளில் தண்டு சரியாக உட்காரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கட்டும்போது அந்த இரண்டின் தண்டுகளும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தயவுசெய்து ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்திப் பாருங்கள். அப்படியும் சேராவிட்டால் அந்த இரண்டின் விலையை அடுத்த பில்லில் கழித்துவிடுகிறோம். இனி ஒவ்வொரு விளக்கின் எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் ஒட்டி, ஒரே பையில் கட்டி அனுப்புவோம்.

அடுத்த படி: சறுக்கும் இடம் இதுதான்

"தங்கள் அடுத்த ஆர்டரை எதிர்பார்க்கிறோம்" என்று முடித்தால் வாடிக்கையாளர் கணக்குப் போட வேண்டியிருக்கும்: எத்தனை வாங்குவது, கப்பலா விமானமா, எவ்வளவு ஆகும்? கடைக்காரருக்கு அதற்கு நேரமில்லை, மடல் அப்படியே கிடக்கும். கணக்கை நாம் போட்டு, அவர் "சரி" என்று மட்டும் எழுதும்படி வைக்க வேண்டும்.

எண்ணிக்கையைக் கப்பலிலிருந்து பிடியுங்கள். சின்னச் சரக்கு, மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்து ஒரே கன்டெய்னரில் போகும். அதற்குப் பொதுவாகக் குறைந்தது ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள். நம் பெட்டி 40 × 40 × 50 செ.மீ., அதாவது 0.08 கன மீட்டர், உள்ளே 8 விளக்கு. ஐந்து பெட்டி அனுப்பினாலும் ஒரு கன மீட்டருக்கான பணம்தான். பன்னிரண்டு பெட்டி என்றால் 0.96 கன மீட்டர், கொடுத்த இடம் முழுக்க நிரம்பிவிடும். ஆகவே 96 விளக்கு. இந்தக் காரணத்தையும் மடலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 16-லிருந்து 96-க்குத் தாவுவது, நாம் நம் வசதிக்குத் தள்ளுவது போலத் தெரியும்.

> கப்பலில் 12 பெட்டி வரை ஒரே கட்டணம். அதனால் 96 விளக்காக எடுத்தால் ஒரு விளக்குக்கு விழும் கப்பல் செலவு மிகக் குறையும்.
> விலை: விளக்கு ஒன்று 38 சிங்கப்பூர் டாலர், மொத்தம் 3,648 டாலர். சிங்கப்பூர்த் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் இதில் அடக்கம். அங்கே சரக்கை விடுவிக்கும் ஏஜென்ட் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் இதில் சேராது.
> பணம்: பாதி (1,824 டாலர்) முன்பணம். மீதி, சரக்கு கப்பலேறிய ஆவணத்தின் நகலை அனுப்பியதும்.
> ஜூலை 20-க்குள் உறுதி செய்தால் ஆகஸ்ட் 28-ல் சரக்கு தயாராகும். தீபாவளி விற்பனைக்கு முன்பே கடையில் இருக்கும்.
> பித்தளை விலை மாறிக்கொண்டே இருப்பதால் இந்த விலை ஜூலை 20 வரை மட்டும்.
> 96-க்குச் சம்மதமா, அல்லது குறைவாக விமானத்தில் வேண்டுமா என்று மட்டும் பதில் எழுதினால் போதும்.

"இதில் சேராது" என்ற வரியை எக்காரணத்துக்கும் விடாதீர்கள். கப்பல் கட்டணம் நாம் கட்டிவிட்டாலும், கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கைக் கொடுப்பதற்கு அங்கே இருக்கும் ஏஜென்ட் தனியாக பில் போடுவார். விமானக் கூரியரில் வீட்டு வாசல் வரை வாங்கிப் பழகியவருக்கு அது அதிர்ச்சி. நாம் மறைத்ததாகவே நினைப்பார். முடிந்தால் அந்தக் கட்டணப் பட்டியலை நம் ஏஜென்டிடம் முன்பே கேட்டு வாங்கி மடலோடு இணையுங்கள். ஜிஎஸ்டியும் விளக்கின் விலைக்கு மட்டும் அல்ல, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு.

சொல்லில் கவனம்

சிங்கப்பூர்த் தமிழில் டாலரை "வெள்ளி" என்பார்கள். பேச்சில் அப்படியே சொல்லலாம். ஆனால் விளக்கு விற்கும் மடலில் அது வெள்ளி உலோகமா, வெள்ளிக்கிழமையா, பணமா என்று குழம்பும். விலைக்கு "சிங்கப்பூர் டாலர்" என்றே எழுதுவது என் பழக்கம். தேதியை 5/8 என்று எழுதாமல் மாதப் பெயரோடு எழுதுங்கள். லட்சம் வந்தால் 100,000 என்று எண்ணாலேயே போடுங்கள்.

முடிவில் "இப்படிக்கு", பெயர், வாட்ஸ்அப் எண். பூ, கோலம், தங்க எழுத்து எல்லாம் வேண்டாம். வெறும் எழுத்தாகப் போகும் மடல்தான் எந்தக் கைபேசியிலும் சரியாகத் திறக்கும்.

பிற்சேர்க்கை: எழுத்து உடைந்து தெரிந்தால்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாதவருக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டுங்கள், தமிழ்99 விசைப்பலகை பழகிவிட்டால் வேகமாக வரும். பழைய பட்டியலை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப்பாக மாற்றி, முதலில் உங்கள் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

பதில் வராவிட்டால்

ஏழு நாள் பொறுத்து, அதே மடலின் தொடர்ச்சியாக இரண்டு வரி எழுதுங்கள். புது மடல் தொடங்கினால் விலையும் கணக்கும் இன்னொரு இடத்தில் போய்விடும்.

> வணக்கம். 96 விளக்குக்கான விலை ஜூலை 20 வரை உள்ளது. தண்டுகளை மாற்றிப் பொருத்திப் பார்த்தீர்களா?

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வரும், ஆர்டர் பேச்சும் அதிலிருந்தே தொடங்கும்.