“ரெண்டு மூணு நாள்ல வந்துடும்” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

மருந்தகத்தில் தாதியாக இருக்கும் எனக்கு மறக்க முடியாத ஒரு வெள்ளிக்கிழமை உண்டு. ஈசூனிலிருந்து வந்த 68 வயது அம்மாவுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பட்டைச் சோதனையில் கிருமித்தொற்றின் அறிகுறி தெரிந்ததால் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்கும் அனுப்பினோம். “ரெண்டு மூணு நாள்ல வந்துடும்மா. ஏதாவது இருந்தா கூப்பிடுவோம்,” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஒரு பேச்சில் பல தவறுகள் இருந்தன. முதலாவது, நாளைக் குறிப்பிடாதது. அவர் ஞாயிற்றுக்கிழமையே காத்திருக்கத் தொடங்கிவிட்டார். ஆய்வகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கவே ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். வளர்ந்தால், அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டறிய இன்னும் ஓரிரு நாள் ஆகும். கிருமியே வளராத சோதனை முடிவு சீக்கிரம் வந்துவிடும். மருந்தை மாற்ற வேண்டிய முடிவுதான் தாமதமாக வரும். இதை நோயாளிக்குச் சொல்லாவிட்டால், தாமதத்தை அவர் நம் அலட்சியம் என்று நினைப்பார், அல்லது பயந்துபோவார்.

இதைவிட ஆபத்தானது “ஏதாவது இருந்தா கூப்பிடுவோம்” என்பது. எங்களிடம் இருந்தது அவருடைய பழைய வீட்டு எண். கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படாது என்று திங்கள் மாலை முடிவு வந்தது. அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. அழைப்பு வராததால் எல்லாம் நலம் என்று அவர் இருந்துவிட்டார். புதன்கிழமை காய்ச்சலும் முதுகுவலியுமாக வந்து நின்றார். தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்குமோ என்று மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

“ஹெல்த்ஹப்ல பாத்துக்குங்க” என்பதும் எல்லாருக்கும் போதாது. அதற்கு சிங்பாஸ் வேண்டும். அவருடைய சிங்பாஸ் மகனின் கைத்தொலைபேசியில் இருந்தது. தனியார் மருந்தகத்தில் எடுத்த சோதனை அதில் வரும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. மகன் அழைத்துக் கேட்டால் சொல்லலாமா என்பதையும் அம்மாவிடமே முன்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால், பெற்ற பிள்ளையானாலும் சொல்லக் கூடாது.

இப்போது நான் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, தாளில் எழுதிக் கொடுத்து இப்படிச் சொல்கிறேன்: “அம்மா, செவ்வாய்க்கிழமை சாயந்திரத்துக்குள்ள முடிவு வரணும். எப்படி இருந்தாலும் நாங்களே இந்த நம்பருக்குக் கூப்பிடுவோம். கூப்பிடலன்னா புதன்கிழமை காலையில இந்த நம்பருக்கு நீங்க கூப்பிடுங்க. நடுவுல காய்ச்சல், நடுக்கம், முதுகுவலி வந்தா முடிவுக்காகக் காத்திருக்காதீங்க, உடனே வந்துடுங்க.”

பிறகு, “என்னைக்கு, யார் கூப்பிடணும்னு ஒரு தடவ சொல்லுங்கம்மா,” என்று கேட்கிறேன். பலர் செவ்வாய்வரை சரியாகச் சொல்லிவிடுவார்கள். புதன்கிழமையை விட்டுவிடுவார்கள். அதை மட்டும் மறுபடியும் சொல்கிறேன்.