கவர் லெட்டரை நீட்டினால் எஸ்ஓபி ஆகாது

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு பெண் போன வருடக் கடைசியில் ஒரு ஃபைலை அனுப்பி, "அக்கா, இது என் எஸ்ஓபி. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். ஒரு படிப்பை ஏன் படிக்க விரும்புகிறோம் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தருவதுதான் எஸ்ஓபி. அவள் சிவில் படித்துவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை, அதாவது எஸ்டிபிகளைப் பராமரிக்கும் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்க இருந்தாள். ஃபைலில் இருந்தது, அவள் வேலை தேடியபோது எழுதிய கவர் லெட்டர். ஒரு பக்கத்தை இரண்டு பக்கமாக நீட்டி, கம்பெனி பெயர் இருந்த இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டிருந்தாள்.

முதல்முறை எழுதுகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள். அவளோடு உட்கார்ந்து அதை எப்படி மாற்றினோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். மூலத்தை ஆங்கிலத்தில் எழுதினோம். இங்கே வரிகளைத் தமிழில் தருகிறேன்.

1. யார் படிக்கப்போகிறார்கள் என்று பாருங்கள்

கவர் லெட்டரைப் படிப்பவர் ஹெச்ஆர், அல்லது உங்களுக்கு மேலதிகாரியாக வரப்போகிறவர். அவர் கையில் ஒரு காலி இடம் இருக்கிறது, அதில் ஒரு வேலை நின்றுபோயிருக்கிறது. "இந்த ஆள் வந்தால் அது நடக்குமா?" என்பதே அவர் கேள்வி. அதனால் அது ஒரு பக்கத்துக்குள், முந்நூறு, நானூறு சொல்லில் முடிய வேண்டும்.

எஸ்ஓபியைப் படிப்பவர் பெரும்பாலும் பாடம் நடத்துகிற பேராசிரியர். அவர் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. "இவருக்கு எதைக் கற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறதா, அதைத் தாங்கும் அடித்தளம் இருக்கிறதா, எங்களிடம் அது கிடைக்குமா?" என்று பார்க்கிறார். நீளம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பப் பக்கத்தில் போட்டிருக்கும் சொல் கணக்கும் கேள்விகளும்தான் முடிவு. ஐரோப்பாவில் பல இடங்களில் இதை மோட்டிவேஷன் லெட்டர் என்பார்கள்.

2. ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

அவளிடம் ஏழெட்டு சாதனைகள் பட்டியலாக இருந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லி, "எந்த எஸ்டிபி உன்னை ராத்திரி தூங்கவிடாம பண்ணுச்சு?" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்.

ஒரு குடியிருப்பில் சுத்திகரித்த நீரில் அமோனியா குறையவே இல்லை. ப்ளோயர் ஓடுகிறது, காற்று போதுமான அளவு போகிறது, ஆனாலும் லிட்டருக்கு 28 மில்லிகிராம். ஆபரேட்டர் இன்னும் காற்றைக் கூட்டலாம் என்றார். இவள் தொட்டியில் பிஎச் பார்த்தாள், 6.2 இருந்தது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, அமோனியாவில் உள்ள நைட்ரஜனில் ஒரு மில்லிகிராமுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். உள்ளே வரும் தண்ணீரில் அந்த அளவு காரத்தன்மை இல்லை. அதனால் பிஎச் இறங்கி, பாக்டீரியா மந்தமாகிவிட்டது. சோடியம் பைகார்பனேட் போட ஏற்பாடு செய்தாள். மூன்று வாரத்தில் அமோனியா 5-க்குக் கீழே வந்தது.

3. அதைக் கவர் லெட்டருக்கு வெட்டுங்கள்

"ஒரு எஸ்டிபியில் அமோனியா உயர்வுக்குக் காரணம் காற்றுக் குறைவு அல்ல, காரத்தன்மைக் குறைவு என்று கண்டுபிடித்து, மூன்று வாரத்தில் 28-லிருந்து 5-க்குக் கீழே கொண்டுவந்தேன். புது ப்ளோயர் வாங்கும் செலவு மிச்சமானது. உங்கள் நிலையங்களிலும் இப்படிப்பட்ட கோளாறுகளை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ள முடியும்."

பிரச்சினை, செய்தது, பலன், அது உங்களுக்கு எப்படி உதவும். அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்த இடத்தில் கவர் லெட்டர் நின்றுவிட வேண்டும்.

4. எஸ்ஓபியை, மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து தொடருங்கள்

இந்தப் படிக்குத்தான் எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அவளுடைய முதல் வரைவிலும் இதே சம்பவம் இருந்தது. ஆனால் 5-க்குக் கீழே வந்ததோடு முடிந்திருந்தது. "அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னொரு இடத்துலயும் அதையே செஞ்சேன்க்கா. அங்க ரெண்டு மாசம் ஆகியும் சரியாகல. அதை எழுதினா தோத்த மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

அதுதான் எஸ்ஓபி. அவள் மறைத்து வைத்திருந்த அந்த இரண்டாவது நிலையம்தான். கவர் லெட்டரில் அதைச் சொன்னால் வேலை கிடைப்பது சிரமம். ஆனால் பேராசிரியருக்கு, அவள் எதைக் கற்க வருகிறாள் என்பதை அது ஒன்றே காட்டிவிடும். இப்படி மாற்றினோம்:

"அதே அளவு பைகார்பனேட், நுண்ணுயிர்கள் படர்ந்து வளரத் தொட்டியில் போடும் அதே வகை பிளாஸ்டிக் மீடியா. முதல் நிலையம் மூன்று வாரத்தில் தேறியது, இரண்டாவது இரண்டு மாதத்திலும் தேறவில்லை. மீடியாவின் மேல் படர்ந்த நுண்ணுயிர்ப் படலத்தின் தடிமன் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தேன். ஆனால் அதை அளக்கவோ, எத்தனை நாளில் தேறும் என்று முன்கூட்டிக் கணக்கிடவோ எனக்குத் தெரியவில்லை. இளங்கலையில் நான் படித்தது தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது வரைதான்."

கவனியுங்கள், "தெரியவில்லை" என்பது இங்கே வெறும் அடக்கம் இல்லை. எது வரை தெரியும், எந்த இடத்தில் நின்றுபோனது என்று எல்லையைத் துல்லியமாகக் காட்டுகிறது. "நீர்த்துறையில் ஆழ்ந்த அறிவு பெற விரும்புகிறேன்" என்று எழுதினால் அந்த எல்லை தெரியாது.

5. "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்" என்பதை அந்தக் கேள்வியோடு கட்டுங்கள்

அவள் வரைவில், "நெரெடா தொழில்நுட்பம் பிறந்த புகழ்பெற்ற நிறுவனம்" என்று ஒரு வரி இருந்தது. உண்மைதான். கழிவுநீரிலுள்ள நுண்ணுயிர்களை மணி மணியாகத் திரள வைக்கும் அந்த முறை டெல்ஃப்டில்தான் உருவானது. ஆனால் அது அங்கே இருப்பவர்களுக்கே தெரியுமே! கம்பெனியைப் புகழ்வது கவர் லெட்டரிலேயே பெரிதாக எடுபடாது, இங்கே சுத்தமாக எடுபடாது.

அந்த மணிகளும் அடிப்படையில் நுண்ணுயிர்ப் படலம்தான். உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் போகும் என்பதுதான் அங்கேயும் கேள்வி. அவளுடைய இரண்டாவது நிலையத்தின் புதிரும் அதே இனம். அந்தத் தொடர்பை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, பாடத்திட்டத்தைத் திறந்து, உயிரியல் சுத்திகரிப்பைக் கணித மாதிரியாக்கும் பாடம் அவளுக்கு எதற்கு என்று எழுதினோம். பாடத்தின் பெயரை அந்த வருடப் பட்டியலில் இருந்தே எடுங்கள். பழைய பட்டியலில் இருந்த பாடத்தை எழுதி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. அரியர், எதிர்காலத் திட்டம்

கவர் லெட்டரில் அரியர் பேச்சே வேண்டாம். எஸ்ஓபியோடு மதிப்பெண் பட்டியலும் போவதால், பெரிய சறுக்கல் இருந்தால் காரணத்தை ஒரு வாக்கியத்திலும் அதற்குப் பிறகு என்ன மாறியது என்பதை இன்னொரு வாக்கியத்திலும் சொல்லிவிட்டு நகருங்கள். எதிர்காலத் திட்டம் கவர் லெட்டரில் தேவைப்படாது. எஸ்ஓபியில் ஒரு சின்னப் பத்தி வேண்டும், அதுவும் அதே கேள்வியிலிருந்து கிளம்ப வேண்டும். சிறிய எஸ்டிபிகளைச் சரிசெய்யும் வடிவமைப்புப் பணிக்குத் திரும்புவேன் என்று அவள் எழுதினாள்.

7. அனுப்பும் முன் இரண்டு சோதனை

பல்கலைக்கழகத்தின் பெயரை அழித்துவிட்டு ஒரு கம்பெனி பெயரைப் போட்டுப் படியுங்கள். எங்கேயும் இடறாமல் ஓடினால், இன்னும் கவர் லெட்டர்தான் கையில் இருக்கிறது. பிறகு, உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வி அதில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அவளுடைய கடைசி வரைவில் நான் தேட வேண்டியே இருக்கவில்லை. முதல் பத்தியின் மூன்றாவது வரியிலேயே அந்த இரண்டாவது எஸ்டிபி நின்றிருந்தது.